சக்கரை இல்லாத டீ: கூட இருப்பவனை ஓட்டுவதை எங்கே நிறுத்துவது?

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 9, இரவு 11.20

கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அறையில் கூட இருப்பவனுக்கு ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்விட்டது. அவளுக்குத் தெரியாது, எங்களுக்குத் தெரியும். ஓட்டாமல் இருக்க முடியுமா? ஓட்டினோம். மூன்று வாரம் அவனும் சேர்ந்துதான் சிரித்தான். நேற்று மாலையிலிருந்து எங்களோடு பேசவில்லை. எங்கே கோடு தாண்டினோம் என்று உண்மையிலேயே பிடிபடவில்லை.

கோவை சரவணம்பட்டியில் வாடகை வீடு, நான்கு பேர். ஆளை மாப்ள என்றே வைத்துக்கொள்வோம். செவ்வாயும் வியாழனும்தான் ஆபீஸ் போக வேண்டும், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. ஒரே நீல டீ-ஷர்ட்டில் இரண்டு வருடம் ஓட்டியவன், திடீரென்று திங்கள் இரவும் புதன் இரவும் அயர்ன் பாக்ஸைத் தேட ஆரம்பித்தான். அப்புறம் டீயில் சர்க்கரை வேண்டாம் என்றான். தோண்டித் துருவியதில் வந்த விஷயம்: வேறு மாடியில் வேலை செய்யும் ஒரு பெண், மாலையில் எங்கள் பேக்கரிக்கு வருவாள், சர்க்கரை இல்லாத டீ குடிப்பாள். இவன் அவளிடம் மொத்தமாகப் பேசியது, "இந்த சேர் எடுத்துக்கலாங்களா?" என்ற ஒரு வரி.

இது கிடைத்தால் யார் விடுவார்கள்? டீ போட்டால் சர்க்கரை டப்பாவை அவனிடமிருந்து தள்ளி வைப்போம். "டாக்டர் சொல்லிட்டாரு, மாப்ளைக்கு இனிப்பு ஆகாது" என்போம். அவனும் "பொறாமைடா உங்களுக்கு" என்பான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

நேற்று வியாழன். நாங்கள் பெஞ்சில் இருக்கிறோம். அவள் இரண்டு தோழிகளோடு வந்தாள். எங்களில் ஒருவன் (ஸ்பீக்கர் என்போம், அவன் தொண்டை அப்படி) மாஸ்டரைப் பார்த்து, "அண்ணா, நம்ம மாப்ளைக்கு ஒரு டீ, சக்கரையே இல்லாம!" என்றான். அவள் அப்போதுதான் அதையே சொல்லியிருந்தாள் போல, தன் டீயைப் பற்றி ஏதோ என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். நாங்கள் மூவரும் மாப்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்ள போனைப் பார்த்தான். திரை அணைந்திருந்தது. பாதி டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

யாரும் பெயர் சொல்லவில்லை. யாரும் கெட்ட வார்த்தை பேசவில்லை. ஒரு டீ சொன்னோம், அவ்வளவுதான். இதில் என்ன தப்பு என்று ஸ்பீக்கர் கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் தப்பு என்று தெரிகிறது.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 9, இரவு 11.48

தம்பி, ரொம்ப யோசிக்கிறீர்கள். சிரிக்கிற வரைக்கும் ஓட்டலாம், சிரிப்பை நிறுத்தினால் நிறுத்திவிட வேண்டும். இதற்கு மேல் விதி கிடையாது. என்னை ஓட்டி ஓட்டித்தான் எனக்குக் கல்யாணமே ஆனது. நண்பர்கள் தினமும் உசுப்பேற்றாமல் இருந்திருந்தால் நானெல்லாம் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். இரண்டு நாளில் அவனே வந்துவிடுவான். பிரியாணி வாங்கி வையுங்கள்.

டவுன்பஸ் | ஆகஸ்ட் 10, காலை 6.05

தலைப்பைப் பார்த்து வந்தேன். எனக்கும் 34 வயதில் சர்க்கரை. இளம் வயதில் வந்தால் நண்பர்கள் கிண்டல் செய்யத்தான் செய்வார்கள், காதில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 10, காலை 8.30

அண்ணா, அவனுக்குச் சர்க்கரை நோய் இல்லை. கீழே படியுங்கள்.

நேர்வகிடு | ஆகஸ்ட் 10, காலை 10.15

ஒரு கல்லூரியில் மாணவர்களுக்கு ஆலோசகராக இருக்கிறேன். இந்த மாதிரிக் கதை மாதத்துக்கு இரண்டாவது வரும், பெரும்பாலும் ஓட்டப்பட்டவர் பக்கத்திலிருந்து. குரங்கு பெடல் சொன்னதில் பாதி சரி. சிரிப்பை அளவுகோலாக வைத்ததுதான் தப்பு.

கூச்சப்படுகிறவர்கள் சிரிப்பார்கள். நான்கு பேர் முகத்தையே பார்க்கும்போது வேறு என்ன செய்ய முடியும்? கோபப்பட்டால் விஷயம் பெரிதாகிவிடும், எழுந்து போனால் நாளைக்கு அதைச் சொல்லி ஓட்டுவார்கள். சிரிப்புதான் அந்த இடத்தில் செலவில்லாத வழி. அதனால் சிரிப்பைப் பார்க்காதீர்கள், பதிலடியைப் பாருங்கள். "பொறாமைடா உங்களுக்கு" என்று திருப்பிக் கொடுத்தவரை அவர் ஆட்டத்தில் இருந்தார். எப்போது திருப்பிக் கொடுப்பதை நிறுத்தினார் என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் நினைப்பதுபோல வியாழக்கிழமையாக இருக்காது.

இன்னொன்றும் கவனிக்கலாம். முதலில் அவரே அந்தப் பேச்சை எடுத்திருப்பார். இன்று பார்த்தேன், பச்சைச் சுடிதார் என்று ஏதாவது. அதுவும் எங்கோ நின்றிருக்கும்.

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 10, மதியம் 1.40

நேர்வகிடு மேடம், நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு குரூப்பை மேலிருந்து கீழே புரட்டிப் பார்த்தேன். சங்கடமாக இருக்கிறது.

ஜூலை கடைசி வரைக்கும் அவன் ஒன்றுக்கு இரண்டாகப் பதில் போட்டிருக்கிறான். ஜூலை 30 அன்று ஸ்பீக்கர் குரூப்பின் பெயரை 'தங்கச்சி பாசறை' என்று மாற்றினான். (நண்பனுக்குப் பிடித்த பெண் நமக்குத் தங்கச்சி என்பது எங்கள் ஊர்ச் சட்டம். மரியாதைக்குத்தான் அப்படிச் சொல்வது.) அதற்குப் பிறகு மாப்ளயிடமிருந்து வந்தவை எல்லாம் சிரிக்கிற பொம்மைகள்தான். எழுத்தாக வந்தது இரண்டே முறை, இரண்டும் "விடுறா". முதல் "விடுறா"வுக்குப் பின்னால் மூன்று சிரிப்பு பொம்மை இருக்கிறது. இரண்டாவதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அந்த இரண்டாவதற்குக் கீழே நானே ஒரு சர்க்கரை மூட்டைப் படம் போட்டிருக்கிறேன்.

ஆக, ஒன்பது நாள் முன்னாலேயே சொல்லிவிட்டான்.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 10, மதியம் 2.10

"விடுறா" என்று சொல்லாத நண்பன் யார்? எல்லா "விடுறா"வையும் மனுவாக எடுத்துக்கொண்டால் நட்பு நடத்த முடியாது, நீதிமன்றம்தான் நடத்த முடியும். அப்புறம், பெயர் சொல்லவில்லை, கிட்டே போகவில்லை, தொடவில்லை. டீ சொன்னதற்கெல்லாம் பஞ்சாயத்தா?

ஓய்ந்த வாத்தியார் | ஆகஸ்ட் 10, மாலை 5.00

முப்பத்திரண்டு ஆண்டு தமிழ் நடத்தியவன். பெயர் சொல்லவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள், அதனால் வாயைத் திறக்கிறேன்.

நம் அகப்பாடல் உலகத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. அம்பல், அலர். அம்பல் என்பது மொட்டு நிலை. இன்னாரும் இன்னாரும் என்று விளக்கமாகச் சொல்லாமல், கண்ணைக் காட்டுவதும் வாய்க்குள் சிரிப்பதுமாக நடப்பது. அலர் என்பது அது மலர்ந்த நிலை. இன்னாருக்கு இன்னார் என்று தெருவே பேசுவது. தம்பி சொன்ன பேக்கரிக் காட்சியில் பெயர் வரவில்லை, ஆகவே அது அம்பல்தான், அலர் இல்லை. அந்த அளவில் குரங்கு பெடல் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

காதல்வயப்பட்டவனிடம் நண்பன் பேசுவதற்கும் அங்கே துறையே உண்டு. பாங்கன் இடித்துச் சொல்வான், தலைவன் மறுத்துச் சொல்வான். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாட்டு ஒன்று. தலைவன் தன்னை இடித்துரைக்கும் நண்பர்களிடம், இந்த நோயை நிறுத்த முடிந்தால் நிறுத்திக் கொடுங்கள், நல்லது என்கிறான். வெயில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது, காவலுக்கு இருப்பவனோ கையும் இல்லாத ஊமை, கண்ணால்தான் காக்க முடியும், என் நிலை அதுதான் என்கிறான். உங்கள் மாப்ள அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றான் என்று படித்ததும் எனக்கு அந்த ஊமன்தான் நினைவுக்கு வந்தான்.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 10, மாலை 5.12

சார், மணி அடித்துவிட்டது. ஆனால் என் பக்கம் நியாயம் இருக்கிறது என்றதற்கு நன்றி.

அரைப்படி அரிசி | ஆகஸ்ட் 10, இரவு 9.35

எல்லோரும் மாப்ள பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். திரும்பிப் பார்த்த பெண் பக்கத்திலிருந்து ஒருத்தி பேசலாமா?

திருநெல்வேலியில் கல்லூரி, இரண்டாம் ஆண்டு. நான் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சில் ஐந்து பேர் இருமுவார்கள். பெயர் கிடையாது, பேச்சு கிடையாது, வெறும் இருமல். முதல் வாரம் என் துணியில் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இரண்டாவது வாரம் அவர்கள் இருமும்போது ஒருவன் மட்டும் இருமாமல் தலையைக் குனிந்துகொள்கிறான் என்று கண்டுபிடித்தேன். ஆக, அவனுக்கு என்னைப் பிடிக்கும் என்பதை அவன் சொல்லி நான் தெரிந்துகொள்ளவில்லை. ஐந்து இருமல் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

அவன் நல்ல பையன். நான் வராத நாளுக்கு நோட்ஸ் எழுதித் தருவான். அதற்குப் பிறகு நான் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அவனைப் பிடிக்காமல் இல்லை. வாங்கினால் இருமுவார்கள் என்பதுதான் காரணம். பிடித்ததா பிடிக்கவில்லையா என்று நான் யோசிக்கும் கட்டத்துக்கே விஷயம் வரவில்லை. அவனும் கடைசி வரை என் பக்கம் திரும்பவில்லை. நண்பர்கள் உசுப்பேற்றினால் தைரியம் வரும் என்கிறீர்களே, அவனுக்கு இருந்த கொஞ்ச தைரியத்தையும் அந்த இருமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

உங்கள் பேக்கரியில் அந்தப் பெண் இனிமேல் சர்க்கரை இல்லாத டீ கேட்பதற்கு முன் பெஞ்சைப் பார்ப்பாள். அவளுக்கு அந்த டீ பிடிக்கும் என்பதைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை.

ஓய்ந்த வாத்தியார் | ஆகஸ்ட் 11, காலை 6.40

அம்மா எழுதியதைப் படித்துவிட்டுத் தூக்கம் சரியாக இல்லை. நேற்று நான் அரைகுறையாகச் சொல்லிவிட்டேன். அம்பலுக்கும் அலருக்கும் அளவில் வேறுபாடு உண்டு, ஆனால் தொல்காப்பியர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, இரண்டுமே மறைவாக இருந்ததை வெளிப்படுத்திவிடும் என்றுதான் சொல்கிறார். இருமல் அம்பல்தான். வெளியே கொண்டுவந்துவிட்டதா இல்லையா? கொண்டுவந்துவிட்டது. குரங்கு பெடலுக்குக் கொடுத்த மதிப்பெண்ணைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நேர்வகிடு | ஆகஸ்ட் 11, காலை 11.30

குரங்கு பெடலின் "தொடவில்லை, பெயர் சொல்லவில்லை" என்பதற்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 1998இல் பெண்கள் மீதான சீண்டலுக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. அதில் தொடுவது மட்டும் குற்றமாக வரவில்லை. ஒரு பெண்ணுக்கு மிரட்சி, பயம், அவமானம், சங்கடம் உண்டாக்கும் அநாகரிகமான நடத்தை என்று விரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு டீ ஆர்டர் அந்த அளவுக்குப் போகாது, பயமுறுத்தவில்லை. ஆனால் தினமும் அவள் வரும்போதெல்லாம் "சக்கரையே இல்லாம" என்று குரல் வந்தால்? கூட வேலை செய்கிறவர்கள் வேறு. அவள் ஆபீஸில் புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது சத்தம் போட்ட ஸ்பீக்கர் இல்லை, யாரைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்களோ அந்த மாப்ள.

சரி, இவர்கள் ஏன் இதைக் கவனிக்காமல் விட்டார்கள் என்றால், கெட்ட மனதால் இல்லை. 2006இல் ஜஸ்டின் க்ரூகரும் கூட இருந்தவர்களும் கிண்டலைப் பற்றி வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கிண்டல் செய்கிறவருக்குத் தன் எண்ணம் தெரியும், விளையாட்டுக்குத்தான் என்று உள்ளே தெரியும், அதையும் சேர்த்துத்தான் தன் வார்த்தையை அவர் மதிப்பிடுகிறார். கேட்கிறவருக்கு எண்ணம் தெரிவதில்லை, வார்த்தை மட்டும்தான் வருகிறது. அதனால் ஒரே வார்த்தை இந்தப் பக்கம் லேசாகவும் அந்தப் பக்கம் கனமாகவும் இருக்கிறது. ஸ்பீக்கர் "இதில் என்ன தப்பு" என்று கேட்பது நடிப்பு இல்லை. அவருக்கு உண்மையாகவே அது லேசாகத்தான் தெரிகிறது.

எதை ஓட்டுகிறோம் என்பதும் முக்கியம். அயர்ன் செய்வதை ஓட்டலாம், அது அவர் செய்த காரியம். தானே சிரித்துக்கொள்ளவும் முடியும், நாளைக்கே விட்டுவிடவும் முடியும். "அவ உன்னைத் திரும்பிப் பாப்பாளா" என்பது வேறு. அது அவர் ஆசையின் மேல் கை வைப்பது. புதிதாக ஒருவரைப் பிடித்திருக்கும்போது அது என்னவென்று அவருக்கே பெயர் தெரியாது. அடுத்த வாரம் போய்விடவும் கூடும். நீங்கள் குரூப்புக்குப் பெயர் வைத்தால், போய்விடும் உரிமையும் அவருக்கு இல்லாமல் போகிறது.

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 11, இரவு 10.50

முதல் பதிவில் ஒன்றை நழுவவிட்டேன். "தோண்டித் துருவியதில் வந்த விஷயம்", "எங்களுக்குத் தெரியும்" என்றெல்லாம் எழுதினேன். அப்படி இல்லை. அவன் எங்களிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னான். கணபதியிலிருந்து வண்டியில் வரும்போது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பின்னால் உட்கார்ந்துகொண்டு. முகம் பார்க்க வேண்டாம் என்பதால்தான் அங்கே சொன்னான் என்று இப்போது தோன்றுகிறது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சொல்லவில்லை. நான் அதையே சாக்காக வைத்து அன்று இரவு தோசை ஊற்றும்போது மற்ற இருவரிடமும் சொல்லிவிட்டேன். அவனை ஓட்ட எனக்குக் கூட்டு தேவைப்பட்டது.

அடுத்த நாள் ஸ்பீக்கர் சர்க்கரை டப்பாவைத் தள்ளி வைத்தபோது மாப்ள முதலில் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். அரை விநாடி இருக்கும். அப்புறம்தான் சிரித்தான். அந்தப் பார்வை எனக்கு மூன்று வாரமாக ஞாபகமே வரவில்லை, நேற்று பாத்திரம் கழுவும்போது வந்தது.

கோடு பேக்கரியில் இல்லை. தோசைக்கல் பக்கத்தில் இருந்திருக்கிறது.

அரைப்படி அரிசி | ஆகஸ்ட் 11, இரவு 11.05

இதை எழுதியதற்கு உங்களைக் கொஞ்சம் மன்னிக்கலாம். கொஞ்சம்தான்.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 12, காலை 7.20

ஒரு திருத்தம். நேற்று இரவு வீட்டுக்காரியிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, நம்ம கதையும் இப்படித்தானே, நண்பர்கள் ஓட்டியதால்தானே நடந்தது என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமல் சொன்னாள்: "உங்க பசங்க அந்தக் கடை வாசல்ல நின்னு கத்தினதால நான் ஒரு மாசம் சுத்திப் போனேன். அப்புறம் நீங்க ஒருநாள் தனியா வந்து சாரி கேட்டீங்களே, அதுக்குத்தான் நின்னேன்."

பதினோரு வருடம். இப்போதுதான் சொல்கிறாள். சாரி கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை, ஆனால் கேட்டிருப்பேன் என்று நம்புகிறேன். இருந்தாலும் நண்பர்கள் இல்லாவிட்டால் சாரி கேட்க ஒரு காரணமும் கிடைத்திருக்காது என்பதைப் பதிவு செய்கிறேன்.

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 12, இரவு 9.15

எப்படிச் சரி செய்வது என்று சொல்லுங்கள். நான்கு பேரையும் உட்காரவைத்து மொத்தமாக மன்னிப்புக் கேட்கலாமா? ஸ்பீக்கர் ஒத்துக்கொண்டான். பெரியவன் (நாலாவது ஆள், 31 வயது, எதிலும் தலையிட மாட்டான்) பரோட்டா வாங்கித் தருகிறேன் என்கிறான். இன்னொரு யோசனை, இனிமேல் அவனிடம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, ஓட்டவே கூடாது என்று முடிவு செய்வது.

நேர்வகிடு | ஆகஸ்ட் 12, இரவு 10.00

தயவுசெய்து கூட்டம் போடாதீர்கள். கூச்சப்பட்டவரை நடுவில் உட்காரவைத்து மூன்று பேர் மன்னிப்புக் கேட்டால் அது இன்னொரு பேக்கரி. அவர் அங்கேயும் சிரித்துத்தான் ஆக வேண்டியிருக்கும்.

நீங்கள் மட்டும் கேளுங்கள். பேக்கரிக்காக இல்லை, வண்டியில் சொன்னதை வெளியே சொன்னதற்காக. நீளமாக வேண்டாம். "நீ என்கிட்ட சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது" போதும். "நாங்க விளையாட்டுக்குத்தான்" என்ற வாலைச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் கூச்சப்பட்டது அவர் தப்பு என்று ஆகிவிடும். முடிந்தால் முகம் பார்க்காத இடத்தில் சொல்லுங்கள், அவர் உங்களிடம் சொன்னது போலவே.

குரூப் பெயரைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றுங்கள். யார் மாற்றினார்கள் என்று வரும், வரட்டும், அதற்குக் கீழே விளக்கம் போட வேண்டாம். ஸ்பீக்கரிடம் தனியாக ஒன்றே ஒன்று: அந்தப் பெண் காதில் விழும் தூரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. இதில் பேரம் இல்லை.

அடியோடு நிறுத்துவது பற்றி எனக்கே இரண்டு மனம். நேற்று வரை ஓட்டியவர்கள் இன்று திடீரென்று பூப்போல நடத்தினால், "இவனுக்கு என்னவோ ஆகிவிட்டது" என்று சொல்வது போலத்தான் அவருக்கு இருக்கும். என்னிடம் வந்த ஒரு மாணவர், ஓட்டியபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை, அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை மாற்றியதுதான் வலித்தது என்றார். வேறு எதற்காவது ஓட்டுங்கள். சமையல், கிரிக்கெட், என்ன இருக்கிறதோ அது.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 12, இரவு 10.20

இதைத்தான் முதலில் இருந்து சொல்கிறேன், ஓட்டாமல் இருக்க முடியாது என்று.

அரைப்படி அரிசி | ஆகஸ்ட் 12, இரவு 10.26

நீங்கள் சொன்னது பிரியாணி.

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 14, காலை 12.30

நேற்று செவ்வாய். மாப்ள அயர்ன் செய்யாமல் நீல டீ-ஷர்ட்டில் ஆபீஸ் போனான். மாலை பேக்கரிக்கு வரவில்லை. அவளும் வரவில்லை, அது தற்செயலா என்று எனக்குத் தெரியாது. காலையில் டீ போட்டுக் கொடுத்தேன். டப்பாவை அவனே எடுத்து இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினான். என்னைப் பார்த்துக்கொண்டே கலக்கினான். அந்த இரண்டு ஸ்பூன் எனக்காகப் போட்டது.

இரவு வண்டியில் பால் வாங்கப் போகலாம் என்று கூப்பிட்டேன். வந்தான். திரும்பும்போது சொன்னேன், மேடம் சொன்ன அதே வரி. பின்னாலிருந்து ஒன்றும் வரவில்லை. ஹெல்மெட்டில் கேட்கவில்லையோ என்று இரண்டாவது முறை சொல்லலாமா என்று நினைத்தேன். சிக்னல் தாண்டியதும், "பால் பாக்கெட் ஒழுகுது, பாரு" என்றான். உண்மையிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

மன்னித்தானா என்று தெரியவில்லை. கேட்டது தெரியும்.

ஓய்ந்த வாத்தியார் | ஆகஸ்ட் 14, காலை 6.15

கேட்டிருக்கிறான். கேட்காதவன் பாலைக் கவனித்திருக்க மாட்டான். நாங்களெல்லாம் அப்படித்தான், நேரடியாக ஒன்றும் சொல்லிவிட மாட்டோம்.

அரைப்படி அரிசி | ஆகஸ்ட் 14, காலை 9.00

எனக்கு இன்னும் ஒரு குறை இருக்கிறது. இந்த இழை முழுவதும் மாப்ளையின் மனதைச் சரி செய்தாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் யார் போய் என்ன சொல்வது? சொன்னாலும் அவளுக்கு இன்னும் சங்கடம், சொல்லாவிட்டாலும் சங்கடம். மேடம், இதற்கு உங்களிடம் வழி இருக்கிறதா?

நேர்வகிடு | ஆகஸ்ட் 14, காலை 11.40

இல்லை. அவளிடம் போய் விளக்குவது மூன்று ஆண்கள் சேர்ந்து அவளைத் திரும்பவும் நிறுத்திவைப்பது போலாகும். அவள் வரும் நேரத்தில் அந்த பெஞ்சில் கொஞ்ச நாள் உட்காராமல் இருப்பதுதான் என்னால் சொல்ல முடிந்தது. அது போதுமா என்றால், போதாது என்றுதான் நினைக்கிறேன்.

குரங்கு பெடல் | ஆகஸ்ட் 14, மதியம் 1.15

பெஞ்சை விட்டுக்கொடுப்பதெல்லாம் அதிகம். வாயை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்காரலாம். (வீட்டுக்காரி பக்கத்தில் இருந்து படித்துவிட்டு, "பெஞ்சையும் விடச் சொல்லுங்க" என்கிறாள். அவள் கருத்து தனி.)

பேக்கரி பெஞ்ச் | ஆகஸ்ட் 22, இரவு 11.10

15 விடுமுறை என்பதால் போன வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் இப்போது எதிர்ப்பக்கம் இருக்கும் இன்னொரு கடையில் டீ குடிக்கிறோம். டீ சுமார், பப்ஸ் பரவாயில்லை. ஸ்பீக்கர் முதல் நாள் முகத்தைத் தூக்கிவைத்திருந்தான். இப்போது பெரியவனின் தலைமுடியை ஓட்டிக்கொண்டிருக்கிறான், அதில் மாப்ளையும் சேர்ந்துகொண்டான்.

நேற்று இரவு, புதன், அயர்ன் பாக்ஸ் வெளியே வந்தது. நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். சட்டையின் ஒரு கையை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான். "என்னடா, ஒண்ணும் சொல்லல?" என்றான். "காலர்ல மடிப்பு இருக்கு" என்றேன். திருப்பிப் போட்டுத் தேய்த்தான்.

இன்று காலை டீ போடும்போது கேட்டேன், "சக்கரை?" கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை இந்த வீட்டில் என்ன பாடு பட்டிருக்கிறது என்று உறைத்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான், ஓட்டுகிறேனா, உண்மையாகக் கேட்கிறேனா என்று. நான் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அரை ஸ்பூன்" என்றான்.

டவுன்பஸ் | ஆகஸ்ட் 23, காலை 6.00

அரை ஸ்பூன் என்றாலும் ஒரு நாளைக்கு நான்கு டீ குடித்தால் இரண்டு ஸ்பூன் ஆகிவிடும். பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.